சாவிக்குக் கண் கிடையாது: பொருளின் வாயால் பாட்டு எழுதும்போது செய்யும் தவறுகள்

போன மாதம் பாட்டு எழுதப் பழகும் எட்டுப் பேருக்கு ஒரே மெட்டைக் கொடுத்து, ஒரு பழைய வீட்டுச் சாவி பாடுவது போல ஒரு சரணம் எழுதிவரச் சொன்னேன். எட்டில் ஆறு பேரின் சாவி பாட்டி அழுததைப் பார்த்திருந்தது. வாசிக்க வாசிக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது, ஏனென்றால் பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய சாவியும் அதையேதான் செய்தது. சந்தம் தட்டுவது, மோனை இடிப்பது போன்றவற்றைப் பாடிப் பார்த்தால் நீங்களே பிடித்துவிடுவீர்கள், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாம் தெரிந்த சாவி

ஒரு குறும்படத்துக்காக எழுதிய பாட்டு அது. கிராமத்து வீட்டை விற்கப் போகிறார்கள், அம்மாச்சி இறந்து சில மாதம் ஆகிவிட்டது, வாசல் கதவின் பித்தளைச் சாவி பாட வேண்டும். மெட்டு ஏறக்குறைய ‘தான தான தான தானா தானன தானா’ என்று போகும். நான் எழுதியது:

கூடத் தூணில் சாஞ்சு நீயும் ஏங்கவும் பாத்தேன்
கொல்லைப் பக்கம் வெட்கப் பட்டு நிக்கவும் பாத்தேன்
பிள்ளை பெத்து நீயும் சொக்கிச் சாயவும் பாத்தேன்
பெட்டி கட்டிப் போன போது கண்களும் வேர்த்தேன்

சந்தம் கச்சிதம். இசையமைப்பாளருக்குப் பிடித்தது, பாடகி வந்து பாடிவிட்டும் போய்விட்டார். எல்லாம் முடிந்த பிறகு இயக்குநர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “அம்மாச்சி முந்தானை முடிச்சுக்குள்ள இருந்த சாவி இதெல்லாம் எப்படிங்க பார்த்துச்சு?” என்னிடம் பதில் இல்லை. கற்பனைதானே சார் என்று சமாளித்தேன். அவர் விடவில்லை. “தூண் பாடுனாலும் இதே பாட்டுதானே, கண்ணாடி பாடுனாலும் இதே பாட்டுதானே?” சரணத்தை மாற்றி எழுதி, பாடகியை மறுபடி வரவழைத்து, ஸ்டுடியோவுக்கு இன்னொரு அரை நாள் வாடகை கட்டியதில் எனக்குப் பேசிய சம்பளம் அப்படியே கரைந்தது. அதுகூடப் பரவாயில்லை, அந்த ‘கண்களும் வேர்த்தேன்’ இருக்கிறதே, அது இலக்கணமும் இல்லை, கண்ணும் இல்லை. ‘பாத்தேன்’ என்பதற்கு இயைபு வேண்டும் என்பதற்காக எழுதியது. இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

ஒரு பொருள் பேசுகிறது என்ற பொய்யைக் கேட்பவர் முதல் வரியிலேயே பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்வார். அதற்கு மேல் கண், கண்ணீர், காலம் கடந்த அறிவு என்று ஒவ்வொன்றாகக் கடன் கேட்டால் கேட்பவர் கொடுக்க மாட்டார். அப்புறம் அங்கே சாவி இருக்காது, சாவி வேஷம் கட்டிய பேரன்தான் இருப்பான்.

அப்படியானால் சாவிக்கு என்னதான் தெரியும்? மறுபடி எழுத உட்கார்ந்தபோது அதைத்தான் முதலில் குறித்துக்கொண்டேன். பகலில் இடுப்பில், சேலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும், அதனால் சூடும் வேர்வையும் தெரியும். இரவில் நிலைப்படி ஓரத்து ஆணியில் தொங்கும். பூட்டுக்குள் போனால் இருட்டு, எண்ணெய்ப் பிசுக்கு, பல்லில் இடிக்கும் நெம்புகள். அந்தப் பூட்டு இரண்டு சுற்று வாங்கும். பக்கத்தில் போய்வர ஒரு சுற்று, ராத்திரிக்கும் ஊருக்குப் போகும்போதும் இரண்டு சுற்று. மழைக்காலத்தில் மரக்கதவு ஊதிவிடும், பூட்டின் நாக்கு தன் குழியில் நேராக இறங்காது, சாவி திரும்ப முரண்டும். ஆக, மழை பெய்வதைச் சாவி பார்க்காது, இறுக்கத்தில் தெரிந்துகொள்ளும். வயதாவதும் அப்படித்தான். முன்பு ஒரே குத்தில் துளையில் இறங்கிய கை பிறகு துளையைத் தேடித் தடவும், பூட்டின் முகத்தில் கீறல் விழும். சாவியின் கணக்கில் முதுமை என்றால் அந்தக் கீறல்தான், நரைத்த தலை இல்லை.

இவ்வளவும் கையில் வந்தபின் சரணம் வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ரெண்டு சுத்து சுத்தி வச்சா ராத்திரி ஆச்சு
ஒத்தச் சுத்து சுத்தி வச்சா சந்தைக்குப் போச்சு
சேலைச் சூடு ஆறிப் போச்சு ஆணியில் வாசம்
எந்தக் கையும் சுத்தக் காணோம் எத்தனை நாளோ

பெரிய கவிதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதில் அம்மாச்சி இறந்துவிட்டாள் என்று சாவி சொல்லவில்லை, அதற்கு அது தெரியவும் தெரியாது. சூடு நின்றுவிட்டது, கை வரவில்லை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மீதியைக் கேட்பவர் போட்டுக்கொள்கிறார். தூணுக்கும் கண்ணாடிக்கும் இந்த வரிகளைக் கொடுத்துப் பாருங்கள், ஒட்டாது. நான் இப்போது எல்லோருடைய வரியையும் இப்படித்தான் சோதிக்கிறேன்: பாடும் பொருளை மாற்றிப் பார்த்தும் பாட்டு நின்றால், அது அந்தப் பொருளின் பாட்டு இல்லை.

அந்த எட்டுப் பேரில் ஒரு பெண் மட்டும் ‘அடைமழை வந்தா அசைய மாட்டேன்’ என்று எழுதியிருந்தாள். எப்படித் தோன்றியது என்று கேட்டேன். “எங்க வீட்டுக் கதவே அப்படித்தாங்க” என்றாள்.

‘ஏன்’, ‘ஏன்’ என்று முடியும் வரிகள்

தமிழில் தன்மை ஒருமை வினை ‘ஏன்’ என்றுதான் முடியும். பார்த்தேன், கேட்டேன், சிரித்தேன் என்று இயைபு சும்மா கிடைக்கும், அதுதான் ஆபத்து, நான் விழுந்த குழியும் அதுதான். சாவி தானாக ஒன்றுமே செய்யாது. யாரோ எடுக்கிறார்கள், நுழைக்கிறார்கள், திருப்புகிறார்கள், தொலைக்கிறார்கள். ‘திறந்தேன்’ என்று சாவி சொன்னால் கை எங்கே போனது? வினையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள். நாலு வரிக்கு ஒரு ‘ஏன்’ இருந்தால் போதும், அந்த ஒன்று உறைக்கும்.

சாவியிடம் பேசுவது

தூது இலக்கியம் படித்து வளர்ந்த பழக்கமோ என்னவோ, பாதி வழியில் ‘ஓ சாவியே’ என்று தாவிவிடுகிறோம். நெஞ்சையும் கிளியையும் மேகத்தையும் கூப்பிட்டுப் பேசிப் பழகிய மொழி இது. ஆனால் இங்கே பேசுவது சாவி. அது யாரிடம் பேசுகிறது, கையிடமா, பூட்டிடமா, வீட்டை வாங்க வந்தவரிடமா என்று முதலில் முடிவு செய்துவிட்டால் இந்தத் தாவல் தானாக நின்றுவிடும்.

துரு

பித்தளை துருப்பிடிக்காது. களிம்புதான் ஏறும்.

‘வாழ்க்கை ஒரு பூட்டு’

அடித்துவிடுங்கள்.

‘சாவி’ என்ற சொல்லை எங்கே வைப்பது

இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த சொல் என்பதெல்லாம் இருக்கட்டும், பாட்டில் அதன் முதல் எழுத்து ‘சா’. மெட்டு நீளும் இடத்தில் அதை வைத்தால் பாடகி ‘சாஆஆ’ என்று இழுக்கும் அந்த இரண்டு நொடியும் கேட்பவர் காதில் சாவுதான் விழும். விவசாயக் குடும்பத்தினர் காதில் இன்னொன்றும் விழும், மணி பிடிக்காத பயிரைச் சாவி என்பார்கள். வேண்டுமென்றே அந்த நிழல் விழ வைத்தால் அழகு, தெரியாமல் விழுந்தால் அபத்தம். அதற்காகத் ‘திறவுகோல்’ என்று போட்டுவிடாதீர்கள், முந்தானையில் கிடந்த பொருள் மேடைப் பேச்சு பேசுவது போல இருக்கும். எங்கள் பல்லவியில் நீளும் சுரத்தில் ‘சா’ வந்து விழுந்தது. ‘வாசல் சாவி’ என்று மாற்றி, நீட்டலை ‘வா’வுக்குக் கொடுத்து, சாவியைக் குறுகிய சுரத்தில் இறக்கினோம். பாடகிக்கும் வாய் திறந்து பாட வசதியாகிவிட்டது.