நாமினியில் அண்ணன், உயிலில் மனைவி: வங்கிப் பணம் யாருக்கு?

முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு முன்பு வங்கிக் கணக்கு தொடங்கியபோது அண்ணனை நாமினியாகப் போட்டார். அப்புறம் மனைவி, மகன், மகள் வந்தார்கள். அம்மாவும் உடன் இருக்கிறார். சொந்த உழைப்பில் சேர்த்த டெபாசிட் 8 லட்சம். உயில் எழுதாமலே இறந்துவிடுகிறார்.

வங்கி அந்த 8 லட்சத்தை அண்ணனிடம்தான் கொடுக்கும். கொடுத்ததோடு வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. ஆனால் பணம் அண்ணனுக்குச் சொந்தமாகிவிடாது. வங்கியிடமிருந்து வாங்குகிற உரிமை மட்டுமே நாமினிக்கு உண்டு என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் ராம் சந்தர் தல்வார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மனைவி, மகன், மகள் நால்வருக்கும் ஆளுக்கு 2 லட்சம். அண்ணன் தர மறுத்தால் அவர்மீதுதான் வழக்குப் போட வேண்டும். அதற்குள் அவர் செலவழித்துவிட்டால்? அங்கேதான் சிக்கல்.

சரி, முருகன் இருக்கும்போதே என்ன செய்திருக்கலாம்?

படி 1: நாமினி யார் என்று பாருங்கள். பாஸ்புக்கிலோ டெபாசிட் ரசீதிலோ பதிவு இருக்கும். கணவன் மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும் கூட்டுக் கணக்கு என்றால், ஒருவர் இறந்ததும் வங்கி மற்றவருக்கே பணம் தரும்; இருவரும் இல்லாதபோதுதான் நாமினி வருவார்.

படி 2: எது உங்களுடையது என்று பிரியுங்கள். உயில் உங்கள் பங்கை மட்டுமே பேசும். பூர்வீக வீட்டில் உங்களுக்குப் பாதிதான் என்றால் தம்பியின் பாதியை எழுத முடியாது. மனைவி பெயரில் இருக்கும் மனையையும் எழுத முடியாது. இஸ்லாமியர்களுக்கு இன்னொரு வரம்பு உண்டு: வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதியது செல்லாது.

படி 3: உயிலை எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். முருகன் "வங்கி டெபாசிட் முழுவதும் மனைவிக்கு" என்று எழுதி, இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்திட வேண்டும். அவர்களும் அவர் எதிரில் கையெழுத்திட வேண்டும். பணம் பெறப்போகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள், பின்னால் சந்தேகம் கிளப்ப அதுவே போதும். பதிவு கட்டாயமில்லை, என்றாலும் நான் பதியச் சொல்வேன். பழைய உயில் இருந்தால் அது ரத்து என்றும் ஒரு வரி சேருங்கள்.

படி 4: நாமினியை மாற்றுங்கள். பலரும் விடுவது இதைத்தான். உயில் மனைவிக்கு என்று சொன்னாலும், நீதிமன்றம் தடுக்காதவரை வங்கி அண்ணனுக்கே கொடுக்கும். பிறகு மனைவி உயிலைக் காட்டி அவரிடம் கேட்க வேண்டும். வங்கிப் படிவத்தில் மனைவி பெயரைப் போட்டுவிட்டால் வாங்குகிறவரும் உரியவரும் ஒருவரே. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை, ஆளுக்கு எத்தனை சதவீதம் என்று குறித்தும் நாமினி போடலாம். படிவம் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி, உயிலோடு சேர்த்து வையுங்கள்.