45 நிமிட மதிய இடைவேளையில் 5 கி.மீ. நடை: வேகக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

45-ஐ 5-ஆல் வகுத்தால் 9. ஒரு கிலோமீட்டருக்கு 9 நிமிடம், அதாவது மணிக்கு 6.7 கி.மீ. வேகம். மதிய இடைவேளையில் நடக்கத் தொடங்கும் எல்லோரும் முதலில் போடும் கணக்கு இதுதான். நானும் இப்படித்தான் போட்டேன். வகுத்தல் சரி. ஆனால் வகுக்க வேண்டிய எண் 45 இல்லை.

இடைவேளை என்பது நாற்காலியிலிருந்து எழுந்த நொடியிலிருந்து திரும்ப வந்து உட்காரும் நொடி வரை. ஷூ மாற்ற 2 நிமிடம், லிப்டுக்குக் காத்திருந்து கீழே இறங்க ஒன்றரை நிமிடம், திரும்பும்போது மேலே ஏற இன்னொரு ஒன்றரை, முகம் கழுவித் தண்ணீர் குடிக்க 3 நிமிடம். மொத்தம் 8 நிமிடம் போய்விட்டது. நடைக்கு மிஞ்சுவது 37 நிமிடம். அதில் 5 கி.மீ. முடிக்க ஒரு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 24 நொடிதான் கிடைக்கும். அது மணிக்கு 8.1 கி.மீ. வேகம். அந்த வேகத்தில் பெரும்பாலானோரின் கால்கள் தாமாகவே ஓடத் தொடங்கிவிடும்.

இது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமில்லை. நடக்கும்போது உடல் ஒவ்வொரு அடியிலும் ஊன்றிய காலின் மேல் வளைந்து கடக்கிறது. வேகம் கூடக் கூட அந்த வளைவைத் தரையை விட்டு எழாமல் கடப்பது கடினமாகிறது. ஏறக்குறைய மணிக்கு 7 கி.மீ.யைத் தாண்டியதும் நடப்பதைவிட மெதுவாக ஓடுவதே உடலுக்குச் சுலபமாகத் தோன்றும். கால் நீளமானவர்களுக்கு இந்த எல்லை சற்று மேலே இருக்கும், குட்டையானவர்களுக்குச் சற்றுக் கீழே. இடுப்பைச் சுழற்றி நடக்கும் நடைப்போட்டி வீரர்கள் பயிற்சியால் இதைத் தாண்டுகிறார்கள். நமக்கு அந்த எல்லைக்குள் இருப்பதே நல்லது.

ஆகவே முதல் வேலை, வேகத்தைக் கூட்டுவதல்ல. நடைக்கு வெளியே போகும் நேரத்தைக் குறைப்பது. ஷூவை இடைவேளைக்கு முன்பே மாட்டிக்கொள்ளுங்கள், முடிந்தால் காலையிலிருந்தே அதையே போட்டிருங்கள். மூன்று, நான்கு மாடி என்றால் லிப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்குங்கள். தண்ணீர் பாட்டில் மேசையில் இருக்கட்டும், உட்கார்ந்த பிறகு குடிக்கலாம். முகம் துடைக்க ஒரு துண்டை அதன் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இப்படிச் செய்தால் வெளியே போகும் நேரத்தை இரண்டரை நிமிடத்துக்குள் அடக்கலாம். மிஞ்சுவது 42 நிமிடம் 30 நொடி. ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 30 நொடி, மணிக்கு 7 கி.மீ.க்கு மிகச் சற்றே மேல். கடினம்தான், ஆனால் நடையாகவே முடியும். இனி இந்தக் கட்டுரையில் நம் இலக்கு இந்த 8:30 தான்.

'விறுவிறுப்பா நடந்தாப் போதும்' என்ற நம்பிக்கை

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. உடல்நலத்துக்காக நடப்பவர்களுக்குச் சொல்லப்படும் அளவுகோல் இது. அதற்கு அது நல்ல அளவுகோல். ஆனால் அந்த உணர்வில் நடந்தால் வேகம் பெரும்பாலும் மணிக்கு ஐந்தரை, 6 கி.மீ.யில் நிற்கும். 6 கி.மீ. வேகத்தில் 5 கி.மீ.க்கு 50 நிமிடம் ஆகும். நம் 8:30 வேகத்தில் நாலைந்து சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்க வேண்டியிருக்கும். கூட நடப்பவரிடம் ஒரு கதையை முழுதாகச் சொல்ல முடிகிறது என்றால், இன்று 5 கி.மீ. முடியாது என்று அர்த்தம்.

உணர்வை நம்பாமல் வேகத்தைக் கண்டுபிடிக்க எளிதான வழி, அளந்த தூரத்தில் ஒரு முறை நடந்து பார்ப்பது. 400 மீட்டர் ஓடுபாதை இருக்கும் மைதானம் கிடைத்தால் மிக நல்லது. உள்பக்கத்து முதல் கோட்டை ஒட்டி ஒரு சுற்று வாருங்கள். இலக்கு வேகத்தில் ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் 24 நொடி ஆக வேண்டும். முதல் முயற்சியில் 4 நிமிடம் ஆகலாம், அப்புறம் ஓரிரு சுற்றில் பிடிபடும். சரியாக 3:24-இல் ஒரு சுற்று வந்ததும், அதே வேகத்தில் இன்னொரு சுற்று போய் அடிகளை எண்ணுங்கள்.

ஒருவருக்கு 510 அடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். 400 மீட்டரை 510-ஆல் வகுத்தால் ஓர் அடி 78 சென்டிமீட்டர். 510 அடியை 3.4 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 150 அடி. இந்த 150 தான் அவருடைய எண். இனி அவருக்கு மைதானம் தேவையில்லை. எந்தத் தெருவிலும் வலது கால் தரையில் படுவதை மட்டும் 20 நொடி எண்ணினால் போதும்: 25 வந்தால் சரியான வேகம், 23 வந்தால் பின்தங்குகிறார். மெட்ரோனோம் ஆப்பில் 150 வைத்துக்கொண்டு அந்தத் தட்டலுக்குக் கால் வைக்கலாம். உங்கள் எண் 142 ஆகவும் இருக்கலாம், 158 ஆகவும் இருக்கலாம். அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்காதீர்கள், அடியின் நீளம் ஆளுக்கு ஆள் வேறு.

எட்டி எட்டி அடி வைப்பது

வேகம் வேண்டும் என்றதும் காலை முன்னால் நீட்டி வைக்கத்தான் தோன்றும். குதிகால் உடலுக்கு வெகுமுன்னால் தரையில் ஊன்றும்போது அது ஒவ்வொரு அடியிலும் பிரேக் போடுகிறது. மூச்சு வாங்கும், வேகம் மட்டும் ஏறாது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை ஒட்டிய தசை இறுகி எரிவது இதன் முதல் அடையாளம். பாதம் தரையில் 'டப் டப்' என்று அறைந்து விழும் சத்தம் இரண்டாவது.

அடியைச் சற்றுக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கால் உடலுக்குச் சற்றே முன்னால் விழட்டும், உந்துதல் பின்னால் இருக்கும் காலின் கட்டை விரலிலிருந்து வரட்டும். முழங்கையை மடக்கி, கையைப் பின்பக்கமாக வேகமாக இழுங்கள். கையைத் தொங்கவிட்டு நிமிடத்துக்கு 150 அடி வைத்துப் பாருங்கள், பிறகு மடக்கி வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும், ஏனென்றால் நீண்டு தொங்கும் கை காலின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஆட முடியாது.

பின்னால் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது

இதில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். முதல் இரண்டரை கிலோமீட்டரை 9:30 வேகத்தில் நடந்தால் 23 நிமிடம் 45 நொடி ஆகிவிடும். மிஞ்சுவது 18 நிமிடம் 45 நொடி. மீதி இரண்டரை கிலோமீட்டரை 7:30 வேகத்தில், அதாவது மணிக்கு 8 கி.மீ.யில் நடக்க வேண்டும். முன்பே பார்த்தோம், அது ஓட்டம். மெதுவாக ஓடுபவர் கடைசியில் வேகமெடுத்து ஈடுகட்டலாம், அவருக்கு மேலே இடம் இருக்கிறது. நம் இலக்கு வேகம் ஏற்கெனவே நடையின் கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மேலே ஏற இடமே இல்லை.

உடல் சூடாக முதல் 500 மீட்டரை மட்டும் சற்று மெதுவாக நடக்கலாம். அதற்கு 5 நிமிடம் எடுத்தால் மீதி நாலரை கிலோமீட்டருக்கு 37 நிமிடம் 30 நொடி இருக்கிறது. கிலோமீட்டருக்கு 8:20. நம் உதாரண நபர் 150-க்குப் பதில் 153 அடி வைக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த விலை கொடுக்கத் தக்கது.

போய்த் திரும்பும் பாதை என்றால் திரும்பும் இடத்தைத் தூரத்தால் தீர்மானிக்காதீர்கள், நேரத்தால் தீர்மானியுங்கள். 21 நிமிடம் ஆனதும் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். 2.4 கி.மீ.தான் ஆகியிருந்தால் இன்று 4.8 கி.மீ., ஆனால் வேலைக்கு நேரத்தில் வந்துவிடுவீர்கள்.

நின்ற நேரத்தை மறைக்கும் ஆப்

நடை ஆப்கள் பலவற்றில், நின்றால் தானாகவே கடிகாரம் நிற்கும் வசதி உண்டு. இரண்டு சிக்னல்களில் மொத்தம் ஒன்றரை நிமிடம் நின்றிருப்பீர்கள். ஆப் '8:30' என்று காட்டும், நீங்களோ தாமதமாக வந்து சேர்வீர்கள். அந்த வசதியை அணைத்துவிட்டு, புறப்பட்டதிலிருந்து ஓடும் மொத்த நேரத்தை மட்டும் பாருங்கள். ஒன்றரை நிமிடம் நின்றால் மீதி 41 நிமிடத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 8:12 வேண்டும், மணிக்கு 7.3 கி.மீ. சாலையைக் கடக்காமல் சுற்றிவரக்கூடிய ஒரு கிலோமீட்டர் வட்டம் அருகில் இருந்தால் அதையே ஐந்து முறை சுற்றுவது இதனால்தான் மேல். அலுப்பாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு சுற்று முடிவிலும் கடிகாரத்தைப் பார்த்து நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம்.

உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜி.பி.எஸ். சிக்னல் சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால், நேராக நடந்த பாதையைக் கோணல்மாணலாகக் காட்டும், தூரமும் கூடிவிடும். திரையில் அந்தந்த நொடிக்குக் காட்டும் வேகம் 7:40, 9:20 என்று தாவும். அதைத் துரத்தாதீர்கள். பாதையை வரைபடத்தில் ஒரு முறை அளந்து, கிலோமீட்டர் முடியும் இடங்களை, ஒரு கம்பமோ ஒரு வாசலோ, மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே ஐந்து

நேரத்தை மாற்றாமல் தூரத்தை வளருங்கள். 42:30 நிமிடத்தில் முதலில் 2 கி.மீ. மட்டும் 8:30 வேகத்தில், மீதி நேரம் 10 நிமிட வேகத்தில் நடந்தால் ஏறக்குறைய 4.55 கி.மீ. வரும். முன்பக்கக் கால் தசை வலிக்காமல் இது இரண்டு வாரம் பழகிய பிறகு 3 கி.மீ. வேகமாக, மொத்தம் 4.7. அப்புறம் 4 கி.மீ., மொத்தம் 4.85. கடைசியாக ஐந்து. எலும்பின் மேல் விரலால் அழுத்தினால் ஓர் இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால் வேகத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நின்று உதவி கேளுங்கள். இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். சாப்பாடு நடைக்குப் பிறகு, வயிறு நிரம்பிய நிலையில் இந்த வேகம் வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் 8:30-இல் கால் ஓடத் துடிக்கிறது என்றால், உங்கள் கால் நீளத்துக்கு எல்லை அங்கே இருக்கிறது. அப்போது இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒரு நிமிடம் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடி மீதியை 9 நிமிட வேகத்தில் நடக்கலாம், இல்லையென்றால் வட்டத்தை நாலரை கிலோமீட்டராகச் சுருக்கிக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது.