ரெஸ்யூமேயில் எது மேலே வரும்? இடைவெளி, ஒரே காலத்தில் இரண்டு வேலை, முடியாத படிப்பு

அண்மையில் என் நாத்தனாருக்கு ரெஸ்யூமே எழுதிக் கொடுத்தேன். கடைசி வேலை மேலே, முதல் வேலை கீழே என்ற வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நடுவில் குழந்தைக்காக வீட்டில் இருந்த காலம், வீட்டிலிருந்தே பார்க்கும் பகுதி நேர வேலை, பாதியில் நிற்கும் படிப்பு என்று மூன்றும் ஒருவருக்கே இருந்தால் எதை எங்கே வைப்பது? அவருடைய தேதிகளையே வைத்து விளக்குகிறேன். இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் தேதிகள்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு தாளில் எல்லாவற்றையும் தொடக்க மாதம், முடிவு மாதத்தோடு எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதாதீர்கள். அப்பாயின்மென்ட் ஆர்டரையும் ரிலீவிங் லெட்டரையும் எடுத்து வைத்துப் பார்த்து எழுதுங்கள். அவருடைய தாள் இப்படி இருந்தது:

- பனியன் கம்பெனி, அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட்: ஜூன் 2016 – மார்ச் 2019
- குழந்தை வளர்ப்பு: ஏப்ரல் 2019 – ஆகஸ்ட் 2021
- ஆடிட்டர் ஆபீஸ், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் வேலை, வீட்டிலிருந்து: செப்டம்பர் 2021 – இன்றுவரை
- ஸ்பின்னிங் மில், அக்கவுன்ட்ஸ் எக்சிகியூட்டிவ்: பிப்ரவரி 2022 – நவம்பர் 2024
- சி.எம்.ஏ. இன்டர்: குரூப் 1 முடிந்தது, குரூப் 2 எழுத வேண்டும்

வரிசை எந்தத் தேதியை வைத்து?

பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இது. வேலையில் சேர்ந்த தேதியை வைத்து அடுக்கினால் மில் வேலை மேலே வரும், ஏனென்றால் அது 2022-ல் தொடங்கியது. ஆனால் வரிசைப்படுத்த வேண்டியது முடிவுத் தேதியை வைத்து. இன்னும் ஓடிக்கொண்டிருப்பதுதான் எல்லாவற்றுக்கும் மேலே. இரண்டுக்கும் முடிவுத் தேதி ஒன்றாக இருந்தால் மட்டும், பிந்தித் தொடங்கியதை மேலே வையுங்கள். இரண்டுமே இன்றுவரை ஓடினால் முழு நேர வேலை மேலே, பகுதி நேரம் அதன் கீழே.

இந்தக் கணக்குப்படி இவருக்கு ஆடிட்டர் ஆபீஸ் வேலைதான் முதலில் வருகிறது. "பெரிய வேலை மில்தானே, அதைக் கீழே தள்ளலாமா?" என்று அவர் தயங்கினார். தள்ளலாம். வரிசையை உடைத்தால் படிப்பவர் தேதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவார். அதற்குப் பதில் இடத்தின் அளவை மாற்றுங்கள்: பகுதி நேர வேலைக்கு ஒரே வரி, மில் வேலைக்கு நான்கு வரி. கண் தானாக மில்லில் போய் நிற்கும். நவம்பர் 2024-க்குப் பிறகும் அவர் சும்மா இல்லை என்பதையும் அந்த முதல் வரியே காட்டிவிடும்.

ஒரே காலத்தில் ஓடும் வேலைகள்

பிப்ரவரி 2022 முதல் நவம்பர் 2024 வரை இரண்டு வேலையும் சேர்ந்தே ஓடியிருக்கின்றன. விளக்கம் இல்லாவிட்டால், படிப்பவருக்குத் தேதி தப்பாகப் போட்டது போலவோ, ஒரு கம்பெனிக்குத் தெரியாமல் இன்னொன்றில் வேலை பார்த்தது போலவோ தோன்றும். பதவிப் பெயருக்குப் பக்கத்திலேயே "பகுதி நேரம், வீட்டிலிருந்து, வாரம் சுமார் 10 மணி நேரம்" என்று போட்டுவிட்டால் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். இதை அடிக்குறிப்பில் போடாதீர்கள். யாரும் அவ்வளவு தூரம் போய்ப் பார்ப்பதில்லை.

இடைவெளி

இரண்டு மூன்று மாத இடைவெளிக்கு வரி தேவையில்லை. ஆறு மாதத்தைத் தாண்டினால் ஒரு வரி போடுங்கள் என்பது என் கருத்து. அந்த வரி, வேலைகளின் வரிசைக்குள்ளேயே, அந்தந்தக் காலத்தில் வர வேண்டும். பக்கத்தின் அடியிலோ, கவர் லெட்டரிலோ அல்ல. இவருக்கு மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் நடுவில் வருகிறது. காரணம் ஒன்றைச் சொல்லி நிறுத்துங்கள். உடல்நலம் என்றால் நோயின் பெயர் வேண்டாம். போட்டித் தேர்வு என்றால் முதல்நிலைத் தேர்வில் தேறியிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் காலத்தில் முழு நேரமாகக் கல்லூரியில் படித்திருந்தால் தனி வரி வேண்டாம், கல்விப் பகுதியே அதைச் சொல்லிவிடும்.

மாதத்தை விட்டுவிட்டு வெறும் ஆண்டை மட்டும் போட்டு இடைவெளியை மறைக்கச் சொல்லும் ஆலோசனை நிறைய உலவுகிறது. நான் அதற்கு முழு எதிரி. "2021 – 2022" என்பது இரண்டு மாதமாகவும் இருக்கலாம், இரண்டு வருடமாகவும் இருக்கலாம். எச்.ஆரில் இருப்பவர்களுக்கு அது தெரியும், எப்படியும் மாதம் கேட்பார்கள்.

முடியாத படிப்பு

கல்விப் பகுதிக்குள்ளும் அதே விதிதான்: நடந்துகொண்டிருப்பது மேலே, பி.காம். அதன் கீழே. "சி.எம்.ஏ. இன்டர்" என்று மட்டும் போட்டால் முடித்துவிட்டதாகப் பொருள்படும். எது முடிந்தது, எது பாக்கி என்று பிரித்து எழுதுங்கள். தேர்வு எழுதி ரிசல்ட் வராவிட்டால் "முடிவு எதிர்பார்க்கப்படுகிறது" என்று சொல்லுங்கள். கல்விப் பகுதி முழுவதையும் அனுபவத்துக்கு மேலே தூக்குவது, இப்போது முழு நேரமாகப் படிப்பவர்களுக்கு மட்டும்தான். வேலை பார்த்துக்கொண்டே படித்தால் அனுபவமே முதலில் இருக்கட்டும்.

முடிவில் அவருடைய பக்கத்தின் வரிசை இப்படி வந்தது:

```
பணி அனுபவம்
ஜி.எஸ்.டி. உதவியாளர் (பகுதி நேரம், வீட்டிலிருந்து, வாரம் சுமார் 10 மணி நேரம்)
    செப் 2021 – இன்றுவரை
அக்கவுன்ட்ஸ் எக்சிகியூட்டிவ், ஸ்பின்னிங் மில்
    பிப் 2022 – நவ 2024
குழந்தை வளர்ப்புக்கான இடைவெளி
    ஏப் 2019 – ஆக 2021
அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட், பனியன் கம்பெனி
    ஜூன் 2016 – மார் 2019

கல்வி
சி.எம்.ஏ. இன்டர்: குரூப் 1 தேர்ச்சி, குரூப் 2 பாக்கி
பி.காம்., 2016
```

எதில் தட்டச்சு செய்வது?

வேர்டு அல்லது கூகுள் டாக்ஸ். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கும் அலங்கார டெம்ப்ளேட்டுகள் வேண்டாம். தேதியை வலப்பக்கம் தள்ள ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போகாமல், ரூலரில் வலது டேப் வைத்துக்கொள்ளுங்கள். பி.டி.எஃப். ஆக்கியதும் ஒரு சோதனை: அதைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து (Ctrl+A, Ctrl+C) நோட்பேடில் ஒட்டுங்கள். ஒவ்வொரு தேதியும் அதனதன் வேலைக்குப் பக்கத்தில் விழுகிறதா என்று பாருங்கள். தேதிகள் மட்டும் தனியே கூட்டமாக விழுந்தால், ரெஸ்யூமேயை முதலில் வாசிக்கும் மென்பொருளும் அப்படியே குழம்பும் வாய்ப்பு உண்டு. டேபிளையோ டெக்ஸ்ட் பாக்ஸையோ எடுத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

பிற்சேர்க்கை

கமென்டில் ஒருவர் கேட்டிருந்தார்: ஒரே காலத்தில் இரண்டு வேலை பார்க்கவே இல்லை, ஆனால் பின்னணி சரிபார்ப்பில் பார்த்ததாகச் சொல்கிறார்களாம். அவருடைய பி.எஃப். கணக்கைப் பார்க்கச் சொன்னேன். காரணம் அதில்தான் இருந்தது. பழைய கம்பெனி அவருடைய விலகல் தேதியை ஏற்றவே இல்லை. அதனால் அங்கே இன்னும் வேலை பார்ப்பது போலவே பதிவு நிற்கிறது.

இ.பி.எஃப்.ஓ. உறுப்பினர் தளத்தில் யு.ஏ.என். கொண்டு நுழைந்து `View` → `Service History` பாருங்கள். விலகல் தேதி காலியாக இருந்தால் முதலில் பழைய எச்.ஆருக்கு மெயில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் `Manage` → `Mark Exit` மூலம் நீங்களே ஏற்றலாம். ஆதாரோடு இணைத்த மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். அந்தக் கம்பெனி கடைசியாகப் பி.எஃப். பணம் கட்டி இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். கடைசிப் பணம் எந்த மாதத்துக்குக் கட்டப்பட்டதோ, அந்த மாதத்துக்குள் உள்ள தேதியைத்தான் தர முடியும். ரிலீவிங் லெட்டரில் இருக்கும் தேதியையே போடுங்கள். ஒருமுறை ஏற்றிய தேதியை மாற்றுவது பெரும்பாடு. ரெஸ்யூமேயை அனுப்பும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.