15ஆம் தேதி நள்ளிரவுக்குள்ளன்னு போட்டிருந்தா அது எந்த ராத்திரி?

நான் பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன், அப்ளிகேஷன் போட்டுக் குடுக்குறதுதான் பாதி பொழப்பு. கடைசி நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் கூட்டம் வரும், அதுல பாதிப் பேரு ஒரே கேள்விதான் கேப்பாங்க, அண்ணா 15 நள்ளிரவு வரைக்கும்னு போட்டிருக்கே, இன்னைக்கா நாளைக்கான்னு. சிரிக்காதீங்க, நியாயமான கேள்விதான் அது.

நம்ம ஊர்ல 15ஆம் தேதி ராத்திரின்னா 15 பகல் முடிஞ்சு வர்ற ராத்திரி. பொழுது விடிஞ்சாத்தான் அடுத்த நாள்னு பழகிட்டோம், ஊர்ல வயசானவங்க இன்னும் "வெள்ளி ராத்திரி விடிஞ்சா சனி"ன்னுதான் சொல்லுவாங்க. கம்ப்யூட்டருக்கு விடியுறதெல்லாம் தெரியாது, அதுக்கு 00:00 ஆனா தேதி மாறிடும். அதனால 15 12:00 AM அப்படின்னு ஸ்கிரீன்ல இருந்தா அது 15 ஆரம்பிக்கிற நேரம், அதாவது 14 ராத்திரி விடிஞ்சா 15. நம்ம ஆளு அதையே 15 ராத்திரி பன்னண்டுன்னு படிச்சு முழுசா ஒரு நாள் லேட்டா வருவாரு. 00:15க்கு கிளம்புற ரயிலுக்கு 15ஆம் தேதி டிக்கெட்டை வச்சுக்கிட்டு 15 ராத்திரி பெட்டியோட ஸ்டேஷனுக்குப் போறவங்க பண்றதும் இதே தப்புதான், வண்டி முந்தின ராத்திரியே போயிருக்கும்.

ஆனா வெறும் எழுத்துல 15ஆம் தேதி நள்ளிரவுக்குள்ளன்னு இருந்தா பெரும்பாலும் 15 முழுசும் உங்களுக்கு உண்டுன்னுதான் அர்த்தம். உங்க வண்டி இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துப் பாருங்க, நிறைய பாலிசியில 16/03/2025 00:00ல இருந்து 15/03/2026 மிட்நைட் வரைக்கும்ங்கிற மாதிரி இருக்கும். அந்த மிட்நைட்டை 15 ஆரம்பிக்கிற நேரம்னு எடுத்தா 364 நாள்தான் வரும், ஒரு வருஷத்துக்குக் காசு வாங்கிட்டு ஒரு நாளைக் குறைக்க முடியாதுல்ல, அப்போ அது 15 முடியுற ராத்திரிதான். ஆரம்ப தேதியும் எத்தனை நாள்ங்கிறதும் எங்கயாவது இருந்தா இப்படி எண்ணிப் பாத்துடுங்க, யாரையும் கேக்க வேண்டாம்.

வார்த்தையில நள்ளிரவு, எண்ணுல 12:00 AM, இது ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கிறதுதான் முதல் தப்பு. இந்தத் தப்பை ஃபார்ம் போடுறவங்க மட்டும் இல்ல, தேதி செட் பண்றவங்களும் பண்றாங்க. போன வருஷம் ஒரு காலேஜ் பசங்க நாலு பேரு வந்தாங்க. சார் வகுப்புல சனிக்கிழமை 15ஆம் தேதி நைட் பன்னண்டுக்குள்ள அசைன்மென்ட் போட்டுடுங்கன்னு சொல்லியிருக்காரு, ஆனா அசைன்மென்ட் வாங்குற Moodle சைட்டுல தேதி வைக்கும்போது 15ஐத் தட்டிட்டு நேரத்தை 00 00ன்னு விட்டுட்டாரு. அவர் மனசுல சனி ராத்திரி, சிஸ்டம் எடுத்துக்கிட்டது வெள்ளி ராத்திரி பன்னண்டு. பசங்க சனி சாயங்காலம் ஏழு மணிக்கு அப்லோட் பண்ணினா 19 மணி நேரம் லேட்னு சிவப்புல காட்டுது. நல்ல வேளையா அவர் Due date மட்டும்தான் வச்சிருந்தாரு, அது தாண்டினா லேட்னு குறிச்சுக்கிட்டு வாங்கிக்கும். Cut-off dateஉம் வச்சிருந்தா அது தாண்டினதும் வாங்கவே வாங்காது. சார்கிட்ட போன்ல சொன்னதும் 23:55ன்னு மாத்தி விட்டுட்டாரு, முடிஞ்சது.

இதைக் கண்டுபிடிக்கிறது சுலபம், ஆனா முந்தின நாளே பாக்கணும். அந்தப் பக்கத்துல இன்னும் எவ்வளவு நேரம் இருக்குன்னு ஓடும் பாருங்க, வெள்ளி சாயங்காலம் ஏழு மணிக்கு அது 5 மணி நேரம்னு காட்டினா அர்த்தம் வேற, 29 மணி நேரம்னு காட்டினா அர்த்தம் வேற. மீதி நேரம் காட்டலேன்னா போட்டவங்களுக்கே ஒரு மெயில் தட்டுங்க, ஆனா "எந்த மிட்நைட்"னு கேக்காதீங்க, பதிலும் மிட்நைட்னே வரும். சனி ராத்திரி 11 மணிக்கு அனுப்பினா ஏத்துக்குவீங்களான்னு கேளுங்க, ஆமா இல்லைன்னு ரெண்டுல ஒண்ணு சொல்லியே ஆகணும்.

இந்தக் குழப்பம் வேணாம்னுதான் டிஎன்பிஎஸ்சி நோட்டிஃபிகேஷன்ல கடைசி நேரத்தை 11.59 பி.எம்.னு போடுறாங்க, 12னு போடுறதில்ல. அமெரிக்காவுல நேரத்தைப் பாத்துக்கிற என்ஐஎஸ்டியும் 12 ஏ.எம்., 12 பி.எம். ரெண்டுமே குழப்பம், 11:59 பி.எம். இல்லேன்னா 12:01 ஏ.எம்.னு எழுதுங்கன்னுதான் சொல்லுது. ஆனா எல்லா ஃபார்மும் நள்ளிரவு வரைக்கும் இருக்கும்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. 2025 ஜேஇஇ மெயின் முதல் செஷனுக்கு என்டிஏ ஃபார்ம் முடிக்க ராத்திரி 9 மணி, ஃபீஸ் கட்ட 11:50ன்னு ரெண்டு நேரம் குடுத்திருந்தாங்க. கட்டிக்கலாம்னு 11:50ஐ மட்டும் பாத்துட்டு ஒன்பதரைக்கு வந்தா ஃபார்மே திறக்காது, அப்புறம் ஃபீஸை எங்க கட்டுறது.

அடுத்தது வெளிநாட்டு அப்ளிகேஷன், இங்க எந்த ராத்திரிங்கிறதோட யாரோட ராத்திரிங்கிறதும் சேருது. ஸ்காலர்ஷிப்புக்குப் போடுற ஒரு பொண்ணு, மெல்போர்ன் யூனிவர்சிட்டி ஒண்ணுக்கு மார்ச் 15, 11:59 PM கடைசி. நம்ம நேரமா நினைச்சு ராத்திரி எட்டு மணிக்கு வந்துச்சு. மார்ச்ல மெல்போர்ன் நம்மளை விட அஞ்சரை மணி நேரம் முன்னாடி ஓடும், அப்போ அங்க 11:59னா நமக்கு அதே 15 சாயங்காலம் 6:29. ஒன்றரை மணி நேரம் முன்னாடியே மூடியாச்சு. அங்க கோடைக்காலத்துல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி வைக்கிற வழக்கம் இருக்கறதால இந்தக் கணக்கும் வருஷம் முழுக்க ஒண்ணா இருக்காது, ஜூன்ல பாத்தா 7:29 வரைக்கும் இருக்கும்.

மேற்குப் பக்கம்னா ஆதாயம். உலகப் பொது நேரமான UTCல 11:59 PMனா நமக்கு மறுநாள் காலையில 5:29. கான்ஃபரன்ஸ் பேப்பர் அனுப்புறவங்க AoEன்னு ஒண்ணு பாத்திருப்பீங்க, உலகத்துல எந்த மூலையிலயாவது இன்னும் 15ஆம் தேதி இருந்தா டைம் இருக்குன்னு அர்த்தம். கடைசியா 15 முடியுறது பசிபிக்ல ஆளே இல்லாத பேக்கர் தீவு பக்கம், UTCயை விட 12 மணி நேரம் பின்னாடி, அப்போ 15 11:59 PM AoEன்னா நமக்கு 16 சாயங்காலம் 5:29. இதை நம்பி ரிசர்ச் பண்ற ஒரு தம்பி மத்தியானம் சாப்ட்டுட்டு நிதானமா வந்து அனுப்பிட்டுப் போவான். ஆனா AoEன்னு எழுதியிருந்தாத்தான் இந்தச் சலுகை, வெறும் மிட்நைட்னு இருந்தா அந்த யூனிவர்சிட்டி எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊர் நேரம்னு வச்சு, சீக்கிரம் முடியுற கணக்கை எடுத்துக்கிட்டு அனுப்பிடுங்க.

கடைசியா ஒண்ணு, 11:59ங்கிறது உங்க போன் கடிகாரம் இல்ல, அவங்க சர்வர் கடிகாரம், அதுவும் சப்மிட் பட்டனை நீங்க அமுக்கின நேரத்தை அது எடுத்துக்காது, முழு ஃபைலும் போய்ச் சேர்ந்த நேரத்தைத்தான் பெரும்பாலும் எடுக்கும். 11:57க்கு போட்டோவோட சைஸைக் குறைச்சுத் தாங்கண்ணான்னு வந்து நின்னா நான் என்ன பண்றது.