குறைமாதக் குழந்தையின் தூக்கம்: எந்த வயதை வைத்துக் கணக்குப் போடுவது?

என் மகன் பிறந்து நாலு மாதம் ஆனபோது, வீட்டுக்கு வந்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "நாலு மாசம் முடிஞ்சிருச்சே, இன்னுமா ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்திருக்கான்?" அதே மாதம் பிறந்த பக்கத்து வீட்டுக் குழந்தை இரவில் ஆறு மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கினாள். நான் பால் போதவில்லையோ, பழக்கத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று தினமும் புதிதாக ஒரு காரணம் தேடினேன். கடைசியில் குழந்தை மருத்துவர் என் கையிலிருந்த கோப்பைப் புரட்டி, பிரசவத்துக்குக் குறித்த தேதியின் மேல் ஒரு வட்டம் போட்டார். "இங்கிருந்து எண்ணுங்கம்மா" என்றார். அந்த எண்ணும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், குறித்த தேதியைக் கண்டுபிடியுங்கள்

37 வாரம் முடிவதற்கு முன் பிறந்த குழந்தை குறைமாதக் குழந்தை. ஆனால் எத்தனை வாரம் முன்னால் பிறந்தது என்று பார்க்க, பிறந்த வாரத்தைக் கழிக்க வேண்டியது 37இலிருந்து அல்ல, 40இலிருந்து. பலர் தடுக்கி விழும் இடம் இது. 'எட்டாம் மாசத்துல பிறந்தது, அதனால ரெண்டு மாசம் கழிச்சுக்கலாம்' என்ற வீட்டுக் கணக்கும் சரிவராது. எட்டாம் மாதம் என்று நாம் சொல்வது நாலு வாரத்துக்கு மேல் நீளும். அதன் தொடக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் முடிவில் பிறந்த குழந்தைக்கும் தூக்கத்தில் தெரிகிற வித்தியாசம் இருக்கும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஈ.டி.டி. என்று ஒரு தேதி இருக்கும். சில ரிப்போர்ட்டுகளில் கடைசி மாதவிலக்கை வைத்து ஒன்று, ஸ்கேனை வைத்து ஒன்று என இரண்டு தேதிகள் இருக்கும். அவை ஒத்துப்போகாவிட்டால், எதை வைத்துக்கொள்வது என்று மருத்துவரிடம் கேளுங்கள். பொதுவாக முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனைத்தான் நம்புவார்கள். பிந்தைய ஸ்கேன்களில் தேதி தள்ளிப்போவது சகஜம்.

அந்தத் தேதியிலிருந்து வாரங்களை எண்ணுங்கள்

கழித்தல் கணக்கே வேண்டாம். குறித்த தேதி குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து இன்று வரை எத்தனை வாரம் ஆகியிருக்கிறதோ அதுதான் திருத்திய வயது. மருத்துவர்கள் 'கரெக்டட் ஏஜ்' என்பார்கள்.

என் மகனின் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். அவன் பிறந்தது 2024 மார்ச் 16. குறித்த தேதி மே 18. நடுவில் சரியாக 63 நாள், அதாவது 9 வாரம். 40இல் 9 போனால் 31. அவன் 31 வாரத்தில் பிறந்தவன். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு நான் அழுத நாள் ஜூலை 20. பிறந்ததிலிருந்து எண்ணினால் அன்று அவனுக்கு 18 வாரம். மே 18இலிருந்து எண்ணினால் 9 வாரம். நாலு மாதக் குழந்தையிடம் எதிர்பார்ப்பதை இரண்டு மாதக் குழந்தையிடம் எதிர்பார்த்துக் கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு தேதிகளும் சனிக்கிழமையாக அமைந்தது வசதியாகப் போயிற்று. சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு சனிக்கிழமைக் கட்டத்திலும் இரண்டு எண்களை எழுதிவைத்தேன்: 18 / 9, 19 / 10, 20 / 11. எண்ணுவது எப்போதும் வாரத்தில்தான் இருக்க வேண்டும். மாதத்துக்கு மாற்றினால் நாலு வாரமா, முப்பது நாளா என்ற குழப்பம் வரும்.

தூக்கத்துக்கான மொபைல் செயலி வைத்திருந்தால், பிறந்த தேதி கேட்கும் இடத்தில் குறித்த தேதியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் அது அனுப்பும் அறிவுரை ஒவ்வொன்றும் வாரக்கணக்கில் முந்திக்கொண்டு வரும்.

இனி, அந்த வயதுக்கு என்ன எதிர்பார்க்கலாம்

தூக்கம் மூளை வளர்ச்சியோடு சேர்ந்து வருவது. பகல்–இரவு வித்தியாசத்தை உடலுக்குச் சொல்லும் மெலடோனின், நிறைமாதக் குழந்தைகளிலேயே இரண்டு மூன்று மாதம் போன பிறகுதான் ஒழுங்காகச் சுரக்கத் தொடங்குகிறது. ஒன்பது வாரம் முன்னால் வந்துவிட்டதால் மூளை ஒன்பது வாரம் முன்னால் முதிர்ந்துவிடாது.

குறித்த தேதிக்கு முந்தைய காலம்தான் பெற்றோரை அதிகம் ஏமாற்றுவது. என் மகன் வீட்டுக்கு வந்தது ஏப்ரல் 20. அப்போது அவனுக்கு 36 வாரம், திருத்திய வயது இன்னும் தொடங்கவே இல்லை. நாள் முழுக்கத் தூங்கினான். பாலுக்குக்கூட நாங்கள்தான் எழுப்பினோம். பசித்தால் அழுவான் என்று காத்திருக்கக் கூடாது, மருத்துவர் சொன்ன இடைவெளியில் எழுப்பிக் கொடுக்க வேண்டும் என்று செவிலியர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எங்களுக்கு அது இரண்டு முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. இந்த அமைதியைப் பார்த்து, 'எவ்வளவு சமத்து' என்று எல்லோரும் மெச்சினார்கள்.

மே மாதக் கடைசியில் மாலை அழுகை தொடங்கியது. ஜூன் இறுதியில் உச்சத்துக்குப் போனது. ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குத்தான் ஓயும். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்போ நல்லாத்தானே தூங்கினான், இப்ப என்னம்மா ஆச்சு?" என்று என் மாமியார் கவலையோடு கேட்டார். கணக்கைப் பார்த்தால் ஜூன் 29இல் திருத்திய வயது சரியாக ஆறு வாரம். நிறைமாதக் குழந்தைகளின் அழுகை ஆறு வார வாக்கில்தான் உச்சம் தொடும். குறைமாதக் குழந்தைகளுக்கும் அது குறித்த தேதியிலிருந்து ஆறு வாரத்தில்தான் வரும். பிறந்து மூன்றரை மாதம் ஆன குழந்தைக்கு இது வந்ததால் ஏதோ புது நோய் என்று பயந்தோம். முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியதும் அதே வாரங்களில்தான்.

இரவு நீளமாவது அதற்குப் பிறகு. திருத்திய வயது இரண்டு, மூன்று மாதம் ஆகும்போது இரவின் முதல் தூக்கம் மெல்ல நீளும். நாலு மாதத்தில் தூக்கத்தின் அமைப்பே மாறுவதால், நன்றாகத் தூங்கிய குழந்தையும் அடிக்கடி எழும். எங்களுக்கு அது செப்டம்பர் 18 வாக்கில், பிறந்து ஆறு மாதம் ஆனபோது வந்தது. தானாகத் தூங்கப் பழக்குவது, இரவுப் பாலைக் குறைப்பது போன்ற எண்ணங்களைத் திருத்திய வயது ஆறு மாதம் வரையாவது தள்ளிப்போடுவது நல்லது. பிறகும் எடை ஏறுவதைப் பார்த்து மருத்துவர் சரி என்று சொன்னால் மட்டும்.

மூன்று நாள் எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டில் தூங்கிய நேரம், எழுந்த நேரம் இரண்டை மட்டும் எழுதுங்கள். மூன்று நாள் முடிந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: 24 மணி நேரத்தில் மொத்தத் தூக்கம், ஒரே மூச்சில் தூங்கிய அதிகபட்ச நேரம், தொடர்ந்து விழித்திருந்த அதிகபட்ச நேரம்.

ஜூலை 20ஐ ஒட்டி நான் எழுதியதில் மொத்தம் பதினாலரை மணி நேரம். அதிகபட்சத் தூக்கம் மூன்று மணி பத்து நிமிடம். முதல் மூன்று மாதக் குழந்தைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 14 முதல் 17 மணி நேரம். ஆக 9 வாரக் குழந்தைக்கு இதில் ஒரு குறையும் இல்லை.

தவறு மூன்றாவது எண்ணில் இருந்தது. மாலையில் அவனை இரண்டு மணி நேரத்துக்கு மேல் விழிக்க வைத்திருந்தோம். நாலு மாதக் குழந்தை இரண்டு மணி நேரம் விழித்திருக்கலாம் என்று எங்கோ படித்ததை நம்பியதன் விளைவு. ஒன்பது வாரக் குழந்தைக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். அதைத் தாண்டினால் களைப்பு அழுகையாகிவிடும், தூக்கம் இன்னும் தள்ளிப்போகும்.

அதனால் எழுந்து ஒரு மணி நேரம் ஆனதும் அடையாளத்தைத் தேடினேன். என் மகனுக்கு முதலில் பார்வை விலகும். முகத்துக்கு நேராகப் பேசினாலும் சுவரைப் பார்ப்பான், புருவம் லேசாகச் சிவக்கும். கொட்டாவி அதற்கு அப்புறம்தான் வரும். பார்வை விலகியதுமே விளக்கைக் குறைத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். மாலை அழுகை நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரத்தில் அரை மணி நேரம் குறைந்தது, அதுவே பெரிய ஆறுதல்.

இன்னொன்று. தூக்கத்திலேயே முனகி, நெளிந்து, முகத்தைச் சுளிப்பது குறைமாதக் குழந்தைகளிடம் நிறைய இருக்கும். அது பெரும்பாலும் விழிப்பு அல்ல. உடனே தூக்காமல் ஒரு நிமிடம் பக்கத்தில் இருந்து பாருங்கள். பல சமயம் தானே அடங்கிவிடும்.

எதையெல்லாம் திருத்தக் கூடாது

தடுப்பூசி பிறந்த தேதிப்படிதான். 6, 10, 14 வார ஊசிகளைக் குறித்த தேதியிலிருந்து எண்ணித் தள்ளிப்போடாதீர்கள். எடை மிகக் குறைவாக இருந்தால் மருத்துவரே சொல்வார். குறைமாதக் குழந்தைகளுக்கான விழித்திரைப் பரிசோதனையும் பிறந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். அது தாமதமானால் பார்வையே போகலாம்.

படுக்க வைக்கும் முறையிலும் வயதைப் பார்த்துச் சலுகை கிடையாது. மல்லாக்க, சமமான, கெட்டியான படுக்கையில்தான். இன்குபேட்டரில் குப்புறப் படுக்க வைத்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மூச்சையும் இதயத் துடிப்பையும் மானிட்டர் கவனித்துக்கொண்டிருந்தது, வீட்டில் அது இல்லை. தூளி நம் வீடுகளின் அருமையான பழக்கம், எனக்கும் அதில்தான் தூக்கம் வந்திருக்கும். ஆனால் கழுத்து நிற்காத சிறு குழந்தைக்குத் தூளியின் வளைவில் தாடை நெஞ்சில் போய் ஒட்டி மூச்சு தடைபடலாம். இதை மாமியாரிடம் நானே சொல்லியிருந்தால் மனவருத்தம் வந்திருக்கும். அடுத்த பரிசோதனைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன், மருத்துவரே விளக்கினார்.

'திருத்திய வயது குறைவு, அதனால்தான் இப்படி' என்று விடக் கூடாத சில உண்டு. மூச்சு 20 விநாடி நின்றாலோ, உதடு நீலமானாலோ அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். பாலுக்கு எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, உறிஞ்சுவது திடீரென்று குறைவது, 100.4 டிகிரி காய்ச்சல், உடல் சில்லிடுவது ஆகியவற்றுக்கும் அன்றே போக வேண்டும்.

எதுவரை இந்தக் கணக்கு

வழக்கமாக இரண்டு வயது வரை. 18 வாரத்தில் 9 வாரம் என்பது பாதி வயது. இரண்டு வயதில் அதே 9 வாரம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மருத்துவமனையில் நீண்ட நாள் வென்டிலேட்டரில் இருந்த குழந்தைகள், எதுக்களிப்பால் அவதிப்படும் குழந்தைகள் திருத்திய வயதைவிடவும் பின்தங்கலாம். அவர்களுக்குக் காலண்டரைவிட உங்கள் மூன்று நாள் நோட்டுதான் மருத்துவருக்கு உதவும். பரிசோதனைக்குப் போகும்போது அதைக் கோப்பில் வைத்து எடுத்துப் போங்கள். மேலே இரண்டு வயதையும் எழுதுங்கள், குறித்த தேதியிலிருந்து எண்ணியது எது என்று அடிக்கோடு போட்டு.