ஃபீல்டைக் குறைத்தால் மோட்டார் ஏன் வேகமெடுக்கிறது?

சுங்கை சிப்புட்டில் மாமாவின் ரப்பர் தகடு உருளைக்கு ஒரு பழைய 220 வோல்ட் டிசி ஷன்ட் மோட்டாரை மாட்டினோம். வேகத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். காந்தத்தை உண்டாக்கும் ஃபீல்டு சுருளின் ரியோஸ்டாட்டைத் திருகி அதன் மின்னோட்டத்தைக் குறைத்தேன். உருளை இன்னும் வேகமாகச் சுற்றியது! அன்று குழம்பியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆர்மேச்சரின், அதாவது மோட்டாருக்குள் சுற்றும் சுருளின், மின்தடையை அளந்துகொள்ளுங்கள்; கீழே Ra என்பது அதுதான். சுற்றும் ஆர்மேச்சர் தானே ஒரு ஜெனரேட்டர் போல எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதுதான் பின் மின்னியக்கு விசை, கீழே Eb. V என்பது ஆர்மேச்சருக்குக் கொடுக்கும் மின்னழுத்தம், Ia ஆர்மேச்சர் மின்னோட்டம், φ ஃபீல்டு தரும் காந்தப்பாயம், N வேகம், K அந்த மோட்டாருக்கான மாறிலி.

```
V = Eb + Ia × Ra
Eb = K × φ × N
N = (V − Ia × Ra) / (K × φ)
```

எங்கள் மோட்டாரில் Ra 1 ஓம், Ia 10 ஆம்பியர். எனவே Eb = 210 வோல்ட், வேகம் 1500 ஆர்பிஎம்.

இப்போது நான் தடுமாறிய இடம். காந்தப்பாயத்தை 10 சதவீதம் குறைக்கிறோம் என்று வைப்போம். வேகம் உடனே மாறாது, ஆனால் Eb 189 வோல்ட்டாக விழும். மீதி 31 வோல்ட், 1 ஓம் வழியே 31 ஆம்பியரைத் தள்ளும். காந்தம் 0.9 மடங்கானாலும் மின்னோட்டம் 3.1 மடங்கு, முறுக்குவிசை ஏறக்குறைய 2.8 மடங்காகிறது. அதனால் மோட்டார் முடுக்கம் பெற்று, Eb திரும்ப ஏறி, மின்னோட்டம் 11.1 ஆம்பியருக்கு இறங்கும்போது 1658 ஆர்பிஎம்மில் நிற்கும்.

இதைக் கண்ணால் பார்க்க டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். ஏசி மட்டும் அளக்கும் மலிவு வகை இங்கே எதையும் காட்டாது. எனக்கு முள் மீட்டர்தான் பிடிக்கும்: முள் எகிறி மெல்ல இறங்குவது அப்படியே தெரியும்.

ஃபீல்டு கம்பி கழன்றால் மிச்சக் காந்தம் மட்டுமே இருக்கும். சுமையில்லாத மோட்டார் ஆபத்தான வேகத்துக்கு ஓடிவிடும். ஃபீல்டு டெர்மினலை இருமுறை இறுக்குங்கள். அந்தப் பாதையில் ஃபியூஸ் போடவே கூடாது.

சரி, வேகத்தைக் குறைக்க என்ன வழி? ஃபீல்டை முழுதாக வைத்து ஆர்மேச்சருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறையுங்கள். 110 வோல்ட் கொடுத்து அதே சுமை இருந்தால் Eb 100 வோல்ட், வேகம் 714. சரிபாதி 750 வராததற்கு Ra விழுங்கும் 10 வோல்ட்தான் காரணம்.

பின்சேர்க்கை: ஒரு வாசகர் மொத்த சப்ளையையே பாதியாக்கியும் வேகம் சரியாகக் குறையவில்லை என்று எழுதினார். அவருடையது ஷன்ட் இணைப்பு: ஃபீல்டும் ஆர்மேச்சரும் ஒரே சப்ளையில் இருக்கும். சப்ளையோடு ஃபீல்டும் சேர்ந்து விழுந்துவிட்டது. ஃபீல்டைப் பிரித்து, அதற்குத் தனியாக 220 வோல்ட் கொடுத்த பிறகு அவருக்கும் வேகம் இறங்கியது.