வாசற்படியில் கெட்டுப்போகும் வைத்தியம்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே ஒரு சிற்றூரில் எனக்குக் கிளினிக். எங்கள் பக்கத்தில் நோயாளிகள் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் மருத்துவர் அறைக்குள் வருவார்கள். ஒரு காலை உள்ளே வைத்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வரலாமா என்று கண்ணாலேயே கேட்பார்கள். அந்த இரண்டு மூன்று நொடிகளில் நான் பேசிய பேச்சு பல வருடங்களாக என் வைத்தியத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அது எனக்கு உறைப்பதற்கு ஓர் அம்மா இரண்டு முறை வர வேண்டியிருந்தது.

சம்பா நடவு முடிந்த சமயம். மகன் முன்னால் வந்தார், அம்மா அவருக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார். வயது 55, நடவு வேலை. முந்தைய நோயாளியின் சீட்டை எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "வா பாட்டி, உட்கார்" என்றேன். அவர் உட்காருவதற்குள் மகனிடம், "என்ன செய்கிறது அம்மாவுக்கு?" என்று கேட்டேன். "தலைசுற்றல் டாக்டர், இரண்டு மாதமாக" என்றார் மகன். நான் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினேன்: 160/90. "இரண்டு மாதம் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று அதட்டினேன். கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெளிறியிருந்தது. "வேறு ஒன்றும் இல்லையே?" அவர் மகனைப் பார்த்தார், மடியிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தார், "இல்லை ஐயா" என்றார். ஹீமோகுளோபின் 7.6 என்று வந்தது. இரும்புச்சத்து மாத்திரை எழுதினேன். உழைக்கும் பெண், சரியான சாப்பாடு இல்லை, அதனால் சோகை என்று நானே காரணமும் சொல்லிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து மருமகளோடு வந்தார். மாதவிடாய் நின்று ஆறு வருடமான பிறகு, விட்டு விட்டு உதிரப்போக்கு இருந்திருக்கிறது. முதல் முறை வந்தபோதே அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி ரத்தம் வந்தாலும் காரணம் தேட வேண்டும் என்பது மாணவப் பருவத்திலேயே படித்த பாடம். ஸ்கேனில் கருப்பையின் உட்சவ்வு தடித்திருந்தது, சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. நல்லவேளையாக ஆரம்ப நிலை, அறுவை சிகிச்சையோடு முடிந்தது. ஆனால் நான் மூன்று மாதத்தைத் தொலைத்திருந்தேன்.

எங்கே கோட்டைவிட்டேன் என்று திரும்பிப் பார்த்தால், எல்லாம் முதல் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது.

முதலாவது "வா பாட்டி". பாசமாகச் சொன்னேன் என்றுதான் நினைத்திருந்தேன். 55 வயதுக்காரரை 40 வயதுக்காரன் பாட்டி என்பது ஒரு குத்தல். ஒருமை அதைவிட மோசம். இது மிராசுதார்கள் தலை நரைத்த பண்ணையாட்களையும் "வாடா, போடா" என்று அழைத்த மண். 1952-இல் தஞ்சாவூருக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலிக்கும் குத்தகைக்கும் அது வழி செய்தது, நாக்குக்கு எந்தச் சட்டமும் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒருவர் "வா" என்றால், அடுத்து உத்தரவு வரும், கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு நகர வேண்டும் என்று அந்த அம்மாவின் உடம்புக்கே தெரியும். இப்போது நான் பேனாவை வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து, "வாருங்கள் அம்மா, இப்படி உட்காருங்கள்" என்கிறேன். சீட்டில் உள்ள பெயரை ஒருமுறை சொல்லி, சரிதானா என்று கேட்கிறேன். ஆள் மாறிப்போகாமல் இருக்கவும் அது உதவுகிறது. எங்கள் பக்கம் ஒரே காலையில் மூன்று செல்விகள் வருவதுண்டு.

இரண்டாவது, மகனைக் கேட்டது. முதல் கேள்வி யாரிடம் போகிறதோ அவரே அன்றைய பேச்சுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுகிறார். கூட வந்தவரை ஒதுக்க வேண்டியதில்லை. "முதலில் அம்மா சொல்லட்டும், விட்டுப்போனதை நீங்கள் சொல்லுங்கள்" என்றால் அவரும் கோபித்துக்கொள்வதில்லை. பரிசோதனைக்கு அவரை வெளியே அனுப்பி, செவிலியரை உள்ளே அழைப்பது வழக்கம்தானே. மகன் காதில் விழக்கூடாத விஷயம் அங்கேதான் வெளியே வரும்.

வந்தவுடன் பட்டையைச் சுற்றியதைப் பற்றி ஒரு வார்த்தை. 1983-இல் இத்தாலிய மருத்துவர்கள் நோயாளிகளின் தமனிக்குள்ளேயே அழுத்தத்தைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். மருத்துவர் வந்து நின்ற சில நிமிடங்களில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி வரை ஏறியது, பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிட்டது. நான் எழுதிவைத்த 160-இல் எத்தனை அவருடையது, எத்தனை என் அதட்டலால் வந்தது என்று யாருக்குத் தெரியும்? ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, பேச்சில்லாமல் எடுத்தால்தான் அது அளவு.

அதட்டலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடவு நாட்களில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாது என்பது இந்தப் பகுதியில் வைத்தியம் பார்ப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: உள்ளே வரும்போதே "ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்" என்பது. எதைக் கண்டு பயந்து வந்திருக்கிறார் என்று கேட்காமலே சொல்லும் ஆறுதல், பேச்சை அடைத்துவிடுகிறது. ஒன்றுமில்லை என்று டாக்டரே சொன்னபின் உதிரப்போக்கை எப்படி எடுத்துச் சொல்வது?

எல்லாவற்றிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது "வேறு ஒன்றும் இல்லையே?" என்ற கேள்வி. நம் மொழியில் அந்த ஏகாரம் பொல்லாதது. கேள்வி மாதிரி ஒலிக்கும், ஆனால் "இல்லை" என்ற பதிலைக் கையில் திணித்துவிடும். "சாப்பிட்டுவிட்டீர்கள் இல்லையா" என்று விருந்தாளியைக் கேட்பதைப் போல. ஆங்கிலத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், குடும்ப மருத்துவர்களில் ஒரு பகுதியினரை "வேறு ஏதாவது உண்டா?" என்ற தொனியிலும், மற்றொரு பகுதியினரை "இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறதா?" என்ற தொனியிலும் கேட்கச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் anything, something என்ற ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். இரண்டாவது விதமாகக் கேட்டபோது, சொல்லாமலே திரும்பிப்போகும் குறைகளில் 78 சதவீதம் காணாமல் போயின. தமிழில் நான் பிடித்துக்கொண்ட வாக்கியம்: "இன்னும் என்னென்ன சொல்ல நினைத்து வந்தீர்கள்?" இதற்கு "இல்லை" என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம். இதைச் சீட்டு எழுதும்போது கேட்டுப் பயனில்லை. முதல் குறையைச் சொல்லி முடித்த கையோடு கேட்க வேண்டும்.

எண்பது டோக்கன் வெளியே காத்திருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேச விட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 92 விநாடியில் முடித்துவிட்டார்கள், ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் இரண்டு நிமிடத்துக்குள். நம் ஆட்கள் பஸ் பிடித்த கதையிலிருந்து ஆரம்பிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் என் மேசைக் கடிகாரத்தில் மூன்று நிமிடத்தைத் தாண்டியவர்கள் குறைவு.

தொடக்கம் சரியில்லை என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. சீட்டை வாங்கிக்கொண்டு வாசல் வரை போய், செருப்பில் ஒரு காலை நுழைத்த பிறகு, "இன்னொன்று ஐயா..." என்று நோயாளி திரும்புவார். எப்போதாவது நடந்தால் அது மனித சுபாவம். அன்றாடம் நடந்தால், அவர் உள்ளே வந்தபோது நாம் என்ன சொன்னோம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். இதை மாற்றினால் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. குடியையும் வீட்டில் வாங்கும் அடியையும் மூன்றாவது, நான்காவது தடவைதான் சொல்கிறார்கள். அந்தத் தடவை வரை திரும்ப வருகிறார்கள் என்பதே பெரிய விஷயம்.

அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து அந்த அம்மா வந்தார். "வாருங்கள் அம்மா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மகன் பக்கம் திரும்பி, "நீ வெளியே இரு, நான் டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்றார். எனக்கு நெஞ்சு பக்கென்றது. அவர் சொன்னதெல்லாம் முழங்கால் வலியைப் பற்றித்தான்.